விழுந்த குழந்தையின் முதல் ஒரு மணி நேரம்

(திருப்பதி அலிபிரியில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



ஒரே ஒரு தாளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். விளையாட்டு மைதானத்தில் ஒரு குழந்தைக்கு அடிபட்டால், அந்த நேரத்தில் பொறுப்பில் இருந்த ஆசிரியர் பெற்றோருக்கும் முதல்வருக்கும் எழுதித் தருகிற அறிக்கை அது. பெரும்பாலான பள்ளிகளில் அது மூன்று வரியில் முடிந்துவிடுகிறது. "உங்கள் மகன் மைதானத்தில் விளையாடும்போது எதிர்பாராமல் கீழே விழுந்துவிட்டான். உடனே முதலுதவி அளிக்கப்பட்டது. தகுந்த சிகிச்சை அளிக்கக் கேட்டுக்கொள்கிறோம்." இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இந்தத் தாளைக் கையில் வாங்கும் மருத்துவருக்கு இதிலிருந்து ஒன்றுமே தெரியாது. எப்போது விழுந்தான், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தான், எந்தக் கையை ஊன்றினான், விழுந்தவுடன் விரல்களை அசைத்தானா, கடைசியாக எப்போது சாப்பிட்டான் என்று அவர் கேட்பார். பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்கு எதற்கும் பதில் தெரியாது, ஏனென்றால் அவர் அங்கே இல்லை. தெரிந்த ஒரே பெரியவர் ஆசிரியர். அவர் அதற்குள் அடுத்த வகுப்புக்குப் போயிருப்பார்.

எல்லா அடியையும் பற்றிப் பொதுவாகப் பேசினால் பயன் இருக்காது. அதனால் ஒரே ஒரு அடியை எடுத்துக்கொள்கிறேன். தொங்கு கம்பியிலிருந்தோ சறுக்குமரத்திலிருந்தோ விழும் குழந்தை கையை நீட்டி ஊன்றுகிறது. முழங்கை பின்பக்கமாக வளைந்து நிற்க, உடம்பின் பாரம் முழுவதும் அதன் மேல் இறங்குகிறது. மேற்கை எலும்பு முழங்கைக்குச் சற்று மேலே தட்டையாகவும் மெல்லியதாகவும் இருக்கும். அந்த இடத்தில் அது முறிகிறது. மருத்துவர்கள் இதைச் சுப்ராகாண்டிலார் முறிவு என்பார்கள். ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகளிடம் இது மிக அதிகம். குழந்தைகளின் முழங்கைப் பகுதியில் ஏற்படும் முறிவுகளில் முதலிடம் இதற்குத்தான்.

இந்த முறிவில் எலும்பைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. முறிந்த இடத்தை ஒட்டித்தான் கைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி ஓடுகிறது. விரல்களை இயக்கும் நரம்புகளும் அந்த வழியாகத்தான் போகின்றன. விலகிய எலும்பின் கூர்முனை அவற்றை அழுத்தலாம், கிழிக்கலாம். உள்ளே வீக்கம் ஏற ஏற, முன்கைத் தசைகளுக்கு இரத்தம் போகாமல் நின்றுபோகலாம். அப்படிச் சுமார் ஆறு மணி நேரம் போனால் தசை செத்துவிடும். பிறகு விரல்கள் உள்ளே மடங்கியபடியே ஆயுள் முழுக்க நின்றுவிடும். ஜெர்மனியைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் 1881-ஆம் ஆண்டில் இந்த ஊனத்தை விளக்கி எழுதினார். இன்றும் அது அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. கையை இறுக்கிக் கட்டிய கட்டுதான் இதற்குக் காரணம் என்பது அவருடைய முடிவு. கட்டே போடாத கையிலும் உள்வீக்கத்தால் மட்டுமே இது வரலாம் என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள்.

ஆகவே கை முறிந்ததா இல்லையா என்று ஆசிரியர் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதை எக்ஸ்ரே சொல்லும். ஆசிரியர் பார்த்து எழுத வேண்டியது விரல்களை. நம் பிள்ளைகள் எல்லோருக்கும் கல், தாள், கத்தரி விளையாட்டு தெரியும். அடிபட்ட கையால், வலி பொறுக்கிற அளவுக்கு, அதையே செய்யச் சொல்லுங்கள். கல் என்று முஷ்டி மடக்கினால் ஒரு நரம்பு வேலை செய்கிறது. தாள் என்று விரல்களை நீட்டினால் இன்னொன்று. கத்தரி என்று இரு விரல்களை விரித்தால் மூன்றாவது. கடைசியாக, கட்டைவிரல் நுனியையும் ஆட்காட்டி விரல் நுனியையும் சேர்த்து ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். இந்த முறிவில் அதிகமாக அடிபடுவது அந்த வட்டத்தை உண்டாக்கும் நரம்புக் கிளைதான். அது சோர்ந்துபோயிருந்தால் வட்டம் வராது, விரல் நுனிகள் மடங்காமல் தட்டையாக ஒட்டி நிற்கும். பிறகு விரல்களின் நிறத்தை மற்றக் கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறதா, தொடுவது குழந்தைக்குத் தெரிகிறதா என்று கேளுங்கள். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம் ஆகும். எந்த விரலையும் நீங்கள் பிடித்து அசைக்கக் கூடாது, குழந்தை தானாகச் செய்வதை மட்டும் பாருங்கள்.

இதை ஏன் எழுதிவைக்க வேண்டும் என்று கேட்கலாம். மருத்துவரே போய்ப் பார்த்துக்கொள்ள மாட்டாரா? பார்ப்பார். ஆனால் அவர் பார்ப்பது விழுந்து ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்து. விழுந்தபோதே நரம்பு அடிபட்டிருந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் அதுவாகவே தேறிவிடும், மருத்துவர் பொறுத்திருப்பார். முதலில் நன்றாக இருந்த விரல், கட்டுப் போட்ட பிறகோ எலும்பைச் சேர்த்த பிறகோ அசையாமல் போனால் நிலைமை வேறு. நரம்பு எலும்புக்கு இடையில் சிக்கியிருக்கலாம், கட்டு இறுக்கியிருக்கலாம், வீக்கம் ஏறியிருக்கலாம். அப்போது தாமதிக்கக் கூடாது. பொறுத்திருப்பதா, உடனே திறந்து பார்ப்பதா என்ற அந்த முடிவு, "முதலில் எப்படி இருந்தது" என்ற ஒரு கேள்வியைத்தான் நம்பியிருக்கிறது. அந்தக் கேள்விக்கு முதல் சாட்சி ஆசிரியர்.

இனி ஒரு மாதிரி அறிக்கையை வாசிக்கிறேன். இது யாருடைய கதையும் அல்ல, விளக்கத்துக்காக எழுதியது. ஏழு வயது, இரண்டாம் வகுப்பு மாணவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இன்று காலை 11.00 மணி இடைவேளையில் இரண்டாம் வகுப்பு மாணவர்கள் மைதானத்தில் இருந்தார்கள். நான் சறுக்குமரத்தின் அருகே நின்றேன். 11.10-க்கு அழுகைச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். மாணவன் தொங்கு கம்பியின் கீழே இடப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தான். அவன் விழுந்ததை நான் பார்க்கவில்லை. கை நழுவி, இடது கையை ஊன்றி விழுந்ததாக அவனே சொன்னான். தலையில் அடிபடவில்லை என்றான். மயக்கமோ வாந்தியோ இல்லை.

"11.15: இடது முழங்கைக்குச் சற்று மேலே வீக்கம் இருந்தது. தோல் கிழியவில்லை. விரல்கள் வெதுவெதுப்பாக, வலது கையின் நிறத்திலேயே இருந்தன. முஷ்டி மடக்கினான், விரல்களை நீட்டினான், இரு விரல்களை விரித்தான். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்த வட்டம் சரியாக வரவில்லை. ஐந்து விரல்களிலும் தொடுவது தெரிகிறது என்றான்.

"11.20: கை இருந்த நிலையிலேயே மடித்த செய்தித்தாளை அணைத்து வைத்து, துப்பட்டாவால் தளர்வாகக் கட்டினேன். முழங்கையை நீட்டவில்லை, நீவவில்லை. மருந்தோ உணவோ தண்ணீரோ தரவில்லை. அவன் கடைசியாகச் சாப்பிட்டது 11.05-க்கு இரண்டு பிஸ்கட். 11.22-க்குத் தாயாரிடம் தொலைபேசியில் பேசினேன். 11.25-க்கு விரல்களை மறுபடி பார்த்தேன், மாற்றம் இல்லை. 11.55-க்கு மருத்துவமனையில் தாயாரிடமும் பணியிலிருந்த மருத்துவரிடமும் ஒப்படைத்தேன்."

அவ்வளவுதான் அறிக்கை. ஒரு பக்கம்கூட இல்லை. இதில் "எதிர்பாராமல்" இல்லை, "துரதிருஷ்டவசமாக" இல்லை, "சேட்டை செய்துகொண்டிருந்தான்" இல்லை. "கை முறிந்துவிட்டது" என்றும் இல்லை, அதைச் சொல்வது ஆசிரியரின் வேலை அல்ல. கண்ட வீக்கத்தை மட்டும் சொல்கிறது. "விழுந்ததை நான் பார்க்கவில்லை" என்ற வாக்கியத்தைக் கவனியுங்கள். பல ஆசிரியர்கள் இதை எழுத அஞ்சுகிறார்கள். இந்த வாக்கியம் இருப்பதால்தான் மற்ற வாக்கியங்களை நம்ப முடிகிறது. பார்த்தது எது, குழந்தை சொன்னது எது, மற்றப் பிள்ளைகள் சொன்னது எது என்று மூன்றும் தனித்தனியாக நிற்க வேண்டும்.

பிஸ்கட்டை எதற்கு எழுத வேண்டும் என்றும் கேட்கலாம். எலும்பைச் சேர்க்க மயக்க மருந்து கொடுக்க வேண்டிவந்தால், திட உணவு சாப்பிட்டு ஆறு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. வயிற்றில் உணவு இருந்து, மயக்கத்தில் அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அழுகிற பிள்ளைக்குச் சாக்லேட்டும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுத்துத் தேற்றுவது நம் ஊர் வழக்கம். கை, கால் முறிவு என்று சந்தேகம் வந்தால் அந்த அன்பை மருத்துவமனைவரை ஒத்திவையுங்கள்.

அறிக்கைக்கு முன்னால் வருவது தொலைபேசி. "உடனே கிளம்பி வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைக்காதீர்கள். அந்தத் தாய் வழியெல்லாம் எதையெதையோ நினைத்துக்கொண்டு வருவார். "அம்மா, உங்க பையன் நல்லா பேசிக்கிட்டு இருக்கான். இடது முழங்கையில அடி, வீங்கியிருக்கு. மருத்துவமனைக்குக் கூட்டிக்கிட்டுப் போறோம், நீங்க நேரா அங்க வந்துடுங்க. சாப்பிட எதுவும் கொண்டு வராதீங்க" என்று சொன்னால் போதும். உணர்வு இருக்கிறது என்பது முதலில் வர வேண்டும், அடி எங்கே என்பது அடுத்து, போகும் இடம் அதற்கடுத்து.

நம் ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. அலிபிரிச் சாலையை ஒட்டியே ரூயா என்று நாம் சொல்லும் அரசுப் பொது மருத்துவமனையும், ஸ்விம்ஸும், தேவஸ்தானத்தின் பர்ட் எலும்பு மருத்துவமனையும் இருக்கின்றன. மலையடிவாரப் பள்ளி எதிலிருந்தும் சில நிமிடங்களில் போய்விடலாம். ஆனாலும் கை முறிந்தது என்றவுடன் நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் வரும் முதல் சொல் புத்தூர். முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் புத்தூர்க் கட்டின் மீது இரண்டு மாநிலத்து மக்களும் தலைமுறை தலைமுறையாக நம்பிக்கை வைத்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கையோடு சண்டை போட நான் வரவில்லை. ஆனால் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். சிறு குழந்தையின் முழங்கை வீங்கியிருந்தால் முதலில் போக வேண்டிய இடம், எக்ஸ்ரே எடுத்து, நாடியையும் நரம்பையும் சோதித்து, தேவைப்பட்டால் அன்றைக்கே அறுவை அரங்குக்குக் கொண்டுபோகக்கூடிய மருத்துவமனை. கட்டுப் போடும் வைத்தியர் தவறு செய்வார் என்று நான் சொல்லவில்லை. உள்ளே நடப்பது வெளியே கட்டினால் தெரியாது என்பதுதான் காரணம்.

கட்டு எங்கே போட்டாலும், மூங்கில் பத்தைக் கட்டானாலும் மருத்துவமனை மாவுக்கட்டானாலும், முதல் இரண்டு இரவுகள் கவனம் வேண்டும். ஆசிரியரின் அறிக்கையின் அடியில் அச்சடித்தே வைக்க வேண்டிய வரிகள் இவை: வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால், மருந்து கொடுத்தும் குழந்தை அடங்காமல் தவித்தால், விரலை மெல்ல நீட்டினாலே அலறினால், விரல்கள் வெளுத்தால் அல்லது நீலமானால், மரத்துப்போனதாகச் சொன்னால், விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள் அல்லது அவசரப் பிரிவுக்குப் போங்கள். இதில் முதலில் வருவது வலியும் தவிப்பும்தான். விரல் வெளுக்கும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். "கட்டுப் போட்டா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோ" என்று பாட்டி சொல்கிற இரவுதான் ஆபத்தான இரவு.

முதல்வருக்குப் போகும் அறிக்கையைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். சில பள்ளிகளில் பெற்றோருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு இன்னொன்று என்று இரண்டு வரலாறு எழுதப்படுகிறது. இது கூடாது. நடந்ததைச் சொல்லும் பகுதி இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். முதல்வருக்கு மட்டும் கூடுதலாக ஒரு பக்கம் சேரும். மைதானத்தில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், யார் எங்கே நின்றார்கள், கம்பியின் உயரம் எவ்வளவு, கம்பி ஆடியதா, வழுக்கியதா, கீழே மணல் எவ்வளவு ஆழம் என்பவை அதில் வரும். அன்றைக்கே ஓர் அளவுகோலை மணலில் குத்திப் பாருங்கள். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டி, நான்கு அடி உயரத்திலிருந்து விழுவதைத் தாங்க ஒன்பது அங்குலம் மணல் வேண்டும் என்கிறது. நம் பள்ளிகளில் ஜூனில் கொட்டிய மணல் பிள்ளைகளின் காலடியில் சிதறி, மழையில் கரைந்து, டிசம்பரில் இறுகிய செம்மண்ணாகிவிடுகிறது. மிக அதிகமாகச் சிதறுவது பிள்ளைகள் அடிக்கடி குதித்திறங்கும் இடத்தில்தான், அதாவது விழக்கூடிய அதே இடத்தில்தான். "இரண்டு அங்குலம்" என்று அறிக்கையில் ஓர் எண் இருந்தால் முதல்வரால் மறுநாளே மணல் லாரிக்குச் சொல்ல முடியும். "கவனமாக இருக்க அறிவுறுத்தப்பட்டது" என்று இருந்தால் அடுத்த குழந்தையும் அங்கேயே விழும்.

இன்னொரு பிள்ளை தள்ளிவிட்டதாகச் சொல்லப்பட்டால், அந்தப் பிள்ளையின் பெயர் பெற்றோருக்குப் போகும் தாளில் வேண்டாம். "உடன் விளையாடிய ஒரு மாணவன்" என்று எழுதினால் போதும். பெயர் முதல்வரின் பக்கத்தில் இருக்கட்டும். ஏழு வயதுப் பிள்ளையின் பெயரை எழுதிக் கொடுத்தால், மாலைக்குள் இரண்டு வீடுகள் தெருவில் நிற்கும். அடிபட்ட கைக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

மொழியையும் யோசிக்க வேண்டும். இங்கே பள்ளி ஆங்கில வழி, ஊர் தெலுங்கு, வீடு பலருக்குத் தமிழ். அன்று மாலை குழந்தையைப் பார்த்துக்கொள்ளப்போவது பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பாட்டி. ஆங்கிலத்தில் எழுதிய தாள் அவருக்கு வெறும் தாள்தான். எந்த அறிகுறிக்கு ஓட வேண்டும் என்ற பகுதி மட்டுமாவது தெலுங்கிலும் தமிழிலும் இருக்க வேண்டும். கொடுக்கும்போது வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும்.

மாதிரி அறிக்கையில் தலையடி இல்லை என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரி ஏன் எல்லா அறிக்கையிலும் இருக்க வேண்டும் என்பதற்குக் கனடாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒட்டாவாவில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற பதினேழு வயது மாணவி பள்ளி ரக்பி அணியின் தலைவி. 2013 மே மாதம் ஒரே வாரத்தில் விளையாட்டில் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டது. தலைவலி இருந்தது. மூளை அதிர்ச்சியாக இருக்குமோ என்று தோழிகளிடம் பேசினாள், இணையத்திலும் தேடினாள். ஆனால் பெற்றோருக்கும் பயிற்சியாளருக்கும் அது போய்ச் சேரவில்லை. மே 8-ஆம் தேதி ஆட்டத்தில் மறுபடி விழுந்தாள், சில நாட்களில் இறந்தாள். முதல் அடியிலிருந்து மூளை தேறுவதற்குள் வந்த அடுத்த அடி அது. 2015-இல் நடந்த விசாரணை 49 பரிந்துரைகளைத் தந்தது. 2018-இல் ஒன்டாரியோ மாகாணம் அவள் பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றியது. செய்தி ஒருவருக்குத் தெரிந்து, தெரிய வேண்டியவருக்குத் தெரியாமல் போனதுதான் அந்தச் சாவின் கதை. தலையடிக்கான அறிக்கையில் ஆகவே இரண்டு வரி கூடும். ஒன்று, அன்று மறுபடி விளையாட விடவில்லை என்பது. மற்றொன்று, மருத்துவர் சொல்லும்வரை விளையாட அனுப்ப வேண்டாம் என்பது. அதன் நகல் உடற்கல்வி ஆசிரியருக்கும் போக வேண்டும்.

கடைசியாக, ஆசிரியர்களின் அச்சத்தைப் பற்றி. "இதையெல்லாம் எழுதிக் கொடுத்தால் நம் மேலேயே திரும்பாதா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1995 மே மாதம் ஒரு பள்ளியின் சுற்றுலாவில் பியாஸ் ஆற்றில் 14 மாணவர்கள் மூழ்கி இறந்தார்கள். அந்த வழக்கில் 2001-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பிள்ளைகளை அழைத்துச் சென்ற ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளியும் பொறுப்பு என்று சொல்லி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதிசெய்தது. பொறுப்பு அறிக்கை எழுதுவதால் வருவதில்லை, பிள்ளை நம் கையில் இருப்பதால் வருகிறது. அது எழுதினாலும் உண்டு, எழுதாவிட்டாலும் உண்டு. அன்றைக்கே, நேரம் போட்டு, கையெழுத்திட்டு எழுதிய தாள், நாம் செய்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறது. நம்மைக் கவிழ்ப்பது பிறகு திருத்தி எழுதிய தாள். தவறிய சொல்லை ஒற்றைக் கோட்டால் அடித்துப் பக்கத்தில் கையெழுத்திடுங்கள். பின்னால் தெரியவந்ததைப் புதிய தேதியோடு கீழே சேருங்கள். பழைய தாளைக் கிழிக்காதீர்கள்.

முதல்வர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஒரு பக்கப் படிவத்தைத் தெலுங்கிலும் தமிழிலும் அச்சடித்து முதலுதவிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள், அதோடு ஒரு பேனாவும் வையுங்கள். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். குழந்தையை ஒப்படைத்த அந்த இடத்திலேயே உட்கார்ந்து எழுதி முடியுங்கள், ஒரு நகலைக் குழந்தையோடு அனுப்புங்கள். பெற்றோரே, உங்கள் பிள்ளைக்கு அடிபட்டது என்று ஓடி வரும்போது, யார் மேல் தப்பு என்று கேட்பதற்கு முன்னால் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவரிடம் முதலில் அதைக் கொடுங்கள். தப்பு யார் மேல் என்பதை நாளைக்கும் விசாரிக்கலாம். விரல்களுக்கு இருக்கும் நேரம் சில மணி நேரம்தான்.